அக்கா போட்ட அட்டெண்டன்ஸ்

என் அக்காவை ஃபேக்டரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'சங்கு'. பாட்டில் மூடி செய்கிற ஃபேக்டரி அது. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்கு ஒரு கம்பி ஜன்னல், அதுதான் டைம் ஆபீஸ். ஜன்னலுக்கு உள்ளே அக்கா. வெளியே, லேட்டாக வந்துவிட்டு நெளிகிற உலகம். சங்கு ஊதி முடிந்த கையோடு அவள் ஜன்னல் கதவைச் சாத்திவிடுவாள். அதற்கப்புறம் முதலாளியின் மச்சானே வந்தாலும் லேட்டுதான். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறான், அவன் ஒருநாள் அங்கே வேலைக்கு வந்தால் அவனுக்கும் இதே கதிதான் என்று எனக்கு அப்போதே தெரிந்ததால்தான் நான் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை போட்டேன்.

அக்காவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம், ஒருத்தன் வருகையை இன்னொருத்தன் பதிவு செய்வது. வந்த நேரத்தைக் கார்டில் அடித்த காலத்தில் நண்பன் கார்டையும் சேர்த்து அடிப்பார்கள். இப்போது விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. அதிலும் ஏதாவது தில்லுமுல்லு செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். மாட்டினால் எல்லாரும் சொல்கிற ஒரே வசனம், "மெஷின்ல ஏதோ கோளாறு மேடம்." அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். கையும் களவுமாகப் பிடித்தால், அடித்தவன், அடிக்கச் சொன்னவன், இரண்டு பேருக்கும் ஒரு வாரம் சஸ்பெண்ட். கெஞ்சினால் இரக்கப்படுவாள், ஆனால் கையெழுத்து மாறாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "பாவம், புள்ளகுட்டிக்காரன்" என்று மூக்கை உறிஞ்சுவாள். மறுநாளும் அந்த சஸ்பென்ஷன் அப்படியேதான் இருக்கும்.

இப்பேர்ப்பட்டவள் செய்த காரியத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே பெண். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் ஆகிப் பேரன் எடுத்தாலும் எனக்கு அவள் பாப்பாதான். முதல் வருஷம் முடிந்து லீவுக்கு வந்தாள். விசா முடியப் போகிறது, புதுப்பிக்க வேண்டும், போகிற வழியில் முடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் கொடுத்தாள். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, 'கூடுதல் பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை என் கடையில்தான் ஸ்கேன் எடுத்தோம். அதன்பிறகு இணையதளத்தில் எப்போது பார்த்தாலும் அதே ஒரு வரிதான். பார்த்துப் பார்த்து எங்கள் எல்லாருக்கும் அது மனப்பாடம் ஆகிவிட்டது. காலேஜ் திறக்கிற நாளும் வந்துவிட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் வகுப்பறை வாசலில் ஒரு கருவி இருக்கும். மாணவர்கள் உள்ளே போகும்போது அடையாள அட்டையை அதில் காட்ட வேண்டும். காட்டினால் பெயருக்கு நேரே பச்சை. இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு ஓர் அளவுக்கு மேல் போனால் வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அவர்கள் விசா அலுவலகத்துக்கே எழுதிப் போட்டுவிடுவார்கள். எழுதிவிட்டால் அப்புறம் விசாவுக்கும் சங்கு, படிப்புக்கும் சங்கு. இதையெல்லாம் அக்காவுக்கு விளக்கிச் சொன்னது பாப்பாதான். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திறந்த முதல் நாள் பாப்பா போனைத் திறந்து பார்த்தாள். மூன்று வகுப்பு, மூன்று சிவப்பு. எட்டிப் பார்த்த அக்காவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. என் மகளுக்கா? என் மகளுக்கா ஆப்சென்ட்? காய்ச்சலில் கிடக்கிற குழந்தையைப் பார்ப்பதுபோல அந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, நான் அங்க இல்லைல்ல, அப்போ ஆப்சென்ட்தானே போடுவாங்க?" என்றாள் பாப்பா.

"அது தெரியுது. ஆனா செவப்புல போடணுமா?"

"பின்ன ரோஸ் கலர்லயா போடுவாங்க?" என்று கேட்டேன். முறைத்தாள்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்று பாப்பாவுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு அலுவலகம் இருக்கிறது, இன்டர்நேஷனல் ஆபீஸ். அவர்களுக்கு மெயில் எழுத வேண்டும். விசா தாமதம், அதற்கு இன்னின்ன ஆதாரம். வந்து சேரும்வரை வராததை அனுமதி பெற்ற விடுப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா. இந்தப் பருவத்துக்கு எடுத்த நான்கு பாடங்களில் ஆய்வகமும் குழு வேலையும் உள்ள இரண்டை விட்டுவிட்டு, மற்ற இரண்டை மட்டும் படிக்க அனுமதி உண்டா. கடைசியாக எந்தத் தேதிக்குள் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். வெளிநாட்டு மாணவர்கள் முழுப் பாடச்சுமை எடுத்தே ஆக வேண்டும், குறைக்க வேண்டுமானால் பாட ஆலோசகரும் இன்டர்நேஷனல் ஆபீசும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பது விதி.

பாப்பா அவசரக்குடுக்கை. "முதல்ல அந்த ரெண்டு பேப்பரையும் ட்ராப் பண்ணிட்டு அப்புறம் மெயில் போடறேன்" என்று போர்ட்டலைத் திறந்துவிட்டாள். அத்தான்தான் அவள் கையைப் பிடித்தார். அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். வீட்டிலும் அவருக்கு அது ஒன்றுதான் வேலை.

"கேட்டுட்டுக் கழட்டும்மா. கழட்டிட்டுக் கேக்காத" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்ததும் அதேதான்.

மெயிலைப் பாப்பா பத்து நிமிஷத்தில் எழுதிவிட்டாள். எட்டு வரி. அப்படியே அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அக்கா படித்துவிட்டு, "இதென்ன, பால்காரனுக்குச் சீட்டு எழுதற மாதிரி இருக்கு" என்றாள். சாப்பாட்டு மேஜையில் கமிட்டி கூடியது. பாப்பா சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு லீவே போட்டதில்லை என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றாள் அக்கா. அம்மை போட்டபோது மட்டும் போகவில்லை, அதற்கும் டாக்டர் சீட்டு பீரோவில் இருக்கிறது, ஸ்கேன் பண்ணி இணைக்கலாம் என்றாள். மேலதிகாரிக்கு எழுதும்போது 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பிக்காவிட்டால் படிக்கவே மாட்டார்கள் என்றாள். அத்தான் வரிக்கு வரி ஒரு 'தயவுசெய்து' போடச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தேன். அடித்ததை மறுநாள் காலையில் அக்கா திரும்பச் சேர்த்தாள்.

இப்படி இழுபறியில் செவ்வாய் போனது, புதன் போனது. அந்த நேரத்தில் அக்கா பாப்பாவிடம் இன்னொன்றும் சொன்னாள். "நீ அந்த அட்டெண்டன்ஸ் பக்கத்தைத் திறந்தே பாக்காத. பாத்தா மனசுதான் கெடும்." அம்மாவுக்கு என் மேல் எவ்வளவு அக்கறை என்று பாப்பா உருகினாள். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது, அக்கா யாரையும் அட்டெண்டன்ஸ் பார்க்காதே என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை ஒருவழியாக மெயில் போனது. அம்மை போட்ட பத்தி போகவில்லை. பாப்பா முதலில் எழுதிய எட்டு வரிதான், கூட இரண்டு 'தயவுசெய்து'. தூதரகச் சீட்டு, பாடப் பட்டியல், பாட ஆலோசகரிடம் இதற்குள் கேட்டு வாங்கிய சம்மத மெயில், மூன்றும் இணைப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. பாப்பா கடைக்கே ஓடிவந்து காட்டினாள். மரியாதையான மெயில்தான். விசா தாமதத்துக்கு வருந்துகிறோம். பாடச்சுமையைக் குறைப்பதைப் பரிசீலிக்கத் தயார். ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன விளக்கம் தேவை. நீங்கள் சொந்த ஊரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பதிவின்படி செவ்வாய்க்கிழமை முதல் எல்லா வகுப்புகளுக்கும் நீங்கள் வந்திருக்கிறீர்கள். இதில் எது சரி என்று தெரிவிக்கவும். பதிவு தவறாகச் செய்யப்பட்டிருந்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கும், தேவைப்பட்டால் விசா அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டிய விஷயம்.

பாப்பா அட்டெண்டன்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் பச்சை. வயல் மாதிரி பச்சை. போன வருஷம் அங்கேயே இருந்தபோதுகூட அவள் இப்படி ஒழுங்காக வகுப்புக்குப் போனதில்லை. இங்கே வந்து உட்கார்ந்த பிறகு நூற்றுக்கு நூறு.

"மாமா, மெஷின்தான் ஏதோ கோளாறு. அப்படியே எழுதிடறேன்" என்றாள்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்தாள். பாப்பா அதே வரியை அவளிடமும் சொன்னாள். மெஷின் கோளாறு. அக்கா கைப்பையை ஆணியில் மாட்டப் போனவள் அப்படியே நின்றாள். ஆயிரம் பேர் வாயிலிருந்து அவள் கேட்ட வசனம், முதல்முறையாக அவளுக்குச் சாதகமாக ஒருத்தி சொல்கிறாள். ஆமாம் என்றால் போதும், ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை.

"மெஷின் மேல பழியைப் போடாத" என்றாள். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான்."

பாப்பாவின் அட்டை அங்கே அறைத்தோழியிடம் இருக்கிறது. பார்சல் வந்தால் வாங்கவும், லைப்ரரி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் விட்டுவிட்டு வந்திருந்தாள். நல்ல பெண், பயந்த சுபாவம், நம் பாஷை பேசுகிற பெண்தான். திங்கட்கிழமை அந்தச் சிவப்பைப் பார்த்த கையோடு அக்கா மொட்டை மாடிக்குப் போய் அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். சும்மா போகிற வழியில் அட்டையைக் காட்டிவிட்டுப் போம்மா, விசா வருகிறவரைக்கும்தான், பாப்பாகிட்ட சொல்லாத, சங்கடப்படுவா. அந்தப் பெண்ணுக்கு வேறு படிப்பு, வேறு கட்டிடம். 'போகிற வழி' என்று ஒன்றே கிடையாது. ஒரு வகுப்பறையில் அட்டையைக் காட்டிவிட்டு மைதானத்தைக் குறுக்கே தாண்டி ஓடி, தன் வகுப்புக்குத் தினமும் லேட். நம் வீட்டுப் பெண்ணுக்குப் பச்சை வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் சிவப்பு வாங்கியிருக்கிறாள்.

"அம்மா! நீயா? நீயாம்மா?" என்றாள் பாப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஊரையே சஸ்பெண்ட் பண்ணுகிறவள் வெளிநாடுவரை ஆள் வைத்து அட்டெண்டன்ஸ் போட்டிருக்கிறாள். அத்தான் என் காலை மிதித்தார். அங்கேயும் பிரேக்தான்.

"கார்டு தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிடு" என்றாள் அக்கா திடீரென்று. "யாரோ எடுத்துக் காட்டிட்டாங்க, நமக்கென்ன தெரியும்?"

"கார்டு அவ கையிலதான் இருக்கு. அப்போ அவதான் திருடினான்னு ஆகும்மா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒருத்திக்கு அம்மா, இன்னொருத்தியை ஏவிவிட்டவள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தியை மாட்டிவிட வேண்டும். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு போய்விட்டது. பயமாக இருந்தது. பாப்பாவின் படிப்பு, அத்தான் காலையிலிருந்து இருட்டும்வரை மிதித்த பிரேக், எல்லாம் அந்த மூன்று நாள் பச்சையில் போய்விடும் போலிருந்தது.

அக்காவே எழுதுகிறேன் என்றாள். தன் பங்கைத் தானே ஒப்புக்கொண்டு ஒரு கடிதம், அதைப் பாப்பா தன் பதிலோடு இணைத்து அனுப்ப வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வரவில்லை. எத்தனை விளக்கக் கடிதங்களை வாங்கிப் படித்தவள் அவள்! மூன்று தடவை செத்த மாமனார்கள், வருஷத்துக்கு இரண்டு கல்யாணம் செய்துகொள்ளும் தங்கைகள், ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் பஞ்சராகும் சைக்கிள்கள், எல்லாம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. சொந்தமாக ஒன்று எழுத வேண்டும் என்றதும் கை ஓடவில்லை.

"தாயுள்ளம்னு ஒரு வார்த்தை போடலாமா?" என்று கேட்டாள்.

"உன்கிட்ட ஒருத்தன் தாயுள்ளம்னு எழுதிக் கொடுத்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"கிழிச்சுப் போடுவேன்."

"யார் கடுதாசியை நம்பியிருக்க?"

யோசித்தாள். "உண்மையை எழுதறவன் சின்னதா எழுதுவான். அவனுக்கு எழுத வேற ஒண்ணும் இருக்காது."

நான்கு வரி எழுதினாள். என் மகள் இங்கே என்னோடு இருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் அட்டையைக் காட்டச் சொன்னது நான். அந்தப் பெண் நான் பெரியவள் என்பதால் மறுக்க முடியாமல் செய்தாள். மூன்று நாளும் என் மகள் வகுப்புக்கு வரவில்லை. கீழே கையெழுத்து. பாப்பா அதை மொழிபெயர்த்தாள், நான் ஸ்கேன் எடுத்தேன். அனுப்புவதற்கு முன் பாப்பா அறைத்தோழியைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் நிறைய அழுதாள், கடைசியில் தானும் இன்டர்நேஷனல் ஆபீசுக்குத் தனியாக எழுதிவிடுகிறேன் என்றாள். அக்கா போனை வாங்கி, "அம்மாடி, என்னை மன்னிச்சிரு" என்றாள். என் ஆயுசில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. எனக்குத் தரவேண்டியதே நிறைய பாக்கி இருக்கிறது.

திங்கட்கிழமை வீடியோவில் பேச நேரம் கொடுத்தார்கள். அக்கா ஃபேக்டரியில் அனுமதி கேட்டுவிட்டுச் சீக்கிரம் வந்தாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு லேப்டாப்புக்கு முன்னால் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்தார். இன்டர்நேஷனல் ஆபீசின் ஆலோசகர். முதல் கேள்வியே, "பக்கத்தில் யார்?"

அம்மா என்றாள் பாப்பா. மன்னிக்க வேண்டும், மாணவியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவருடைய பதிவைப் பற்றிப் பெற்றோர் முன்னால் பேசக்கூடாது, தயவுசெய்து அவர் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்றார் அந்த அம்மாள்.

"நான் பெத்தவ!" என்றாள் அக்கா தமிழில்.

பெற்றவர்களுக்கும் அதே விதிதான். அக்காவை நான் அழைத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே நிறுத்தினேன். சாத்திய கதவுக்கு முன்னால், புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். அவள் ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேர் இப்படி நின்றிருப்பார்கள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நானும் மனுஷன்தான்.

உள்ளே பாப்பா ஒரு சம்மதப் படிவத்தை நிரப்பி அனுப்பினாள். அதற்குப்பிறகு கதவைத் திறந்து அக்காவை உள்ளே கூப்பிட்டாள். அக்காவின் இங்கிலீஷ் ஃபேக்டரி இங்கிலீஷ். அதில் வினைச்சொல் எல்லாமே கட்டளை. "டெல். ஆஸ்க். ஐ ஆன்சர்" என்றாள். அந்த அம்மாள் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்தார்.

நீங்கள் எழுதியது உண்மையா என்று கேட்டார். உண்மை. உங்கள் மகளுக்கு எப்போது தெரியும்? உங்கள் மெயில் வந்த பிறகு. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது கொடுத்தீர்களா? ஒன்றும் இல்லை, அதிகாரம் பண்ணினேன், அவ்வளவுதான்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்கன்னு கேக்கறாங்கம்மா" என்றாள் பாப்பா. கேட்டது அக்காவுக்கே புரிந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா ஆபீஸ் வேலை என்றால் போதும். அத்தானோடு கதவோரம் நின்ற நான், வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"ஃபேக்டரி. அட்டெண்டன்ஸ்" என்றாள் அக்கா.

திரையில் இருந்தவர் தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அக்காவை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஃபேக்டரியில் இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பாப்பா மொழிபெயர்க்கவே இல்லை. அத்தான் தன் பக்கத்துத் தரையை மிதித்தார், அங்கே பிரேக் இல்லை.

"போத் சஸ்பெண்ட்" என்றாள் அக்கா. "ஒன் வீக்."

அந்த அம்மாளுக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாரா, கோபமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். நல்லவேளை, உங்கள் மகள் உங்கள் ஃபேக்டரியில் படிக்கவில்லை. சஸ்பெண்ட் செய்கிற அதிகாரம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி துறைக்கு எழுதுவேன். மூன்று பேரும் ஒரே உண்மையைத் தாங்களாகவே எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதுவேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. விசா தாமதத்தில் வராமல் போன நாளுக்கு எங்கள் விதியில் இடம் இருக்கிறது. வராமலே வந்ததாகக் காட்டிய நாளுக்குத்தான் இடம் கிடையாது. உங்கள் மகளை மாட்ட வைத்தது அந்தச் சிவப்பு இல்லை, நீங்கள் போட்ட பச்சை.

அக்கா தலையை ஆட்டினாள். அவளிடம் இதை நான் சொல்லியிருந்தால் ஒரு மாதம் என்னிடம் பேசியிருக்க மாட்டாள்.

முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளும் வீட்டில் சாப்பாட்டில் உப்பு இல்லை, பேச்சிலும் இல்லை. அக்கா ஃபேக்டரிக்குப் போனாள், ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். விரல் வைக்க மறந்துவிட்டேன் என்று ஒருவன் வந்து நின்றபோது அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாளாம். அவன் அன்றைக்கு மணிக்கொரு தரம் போய் விரல் வைத்துவிட்டு வந்தான் என்று அங்கே வேலை செய்கிற என் வாடிக்கையாளர் ஒருவர் வந்து சொன்னார். திட்டினால் பரவாயில்லை சார், சும்மா பாத்தாங்க சார் என்றார்.

மெயில் வந்த நேரம் பாப்பா என் கடையில்தான் இருந்தாள். ஒரு தடவை படித்தாள், மறுபடி படித்தாள், என் கையைப் பிடித்து இழுத்தாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் ஓடினோம். அக்கா வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். ஷிப்ட் மாறுகிற நேரம், டைம் ஆபீஸ் ஜன்னலில் வரிசை. லீவு சீட்டோடு நிற்கிறவர்கள், கணக்குச் சரிபார்க்க வந்தவர்கள். நாங்கள் வரிசையில் புகுந்தோம். எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

"வரிசைல வா" என்றாள் அக்கா பாப்பாவிடம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அப்புறம் யாரென்று பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

பாப்பா கம்பிக்கு நடுவே போனை நீட்டினாள். அறைத்தோழிக்கு எழுத்துமூல எச்சரிக்கை, அதோடு சரி. பாப்பா மீது நடவடிக்கை இல்லை, விசா அலுவலகத்துக்குப் புகார் இல்லை. இந்தப் பருவத்துக்கு இரண்டு பாடம் போதும், அனுமதிக் கடிதம் இணைப்பில், அதைத் தூதரகத்திலும் காட்டலாம். விட்ட இரண்டையும் அடுத்த பருவத்தில் படிக்க வேண்டும், பட்டம் ஒரு பருவம் தள்ளிப் போகும். குறிப்பிட்ட தேதிக்குள் வந்து சேர வேண்டும், முடியாவிட்டால் இந்தப் பருவத்தை விடுப்பாக எடுத்துக்கொள்ளலாம், இடம் போகாது. (விசா அந்தத் தேதிக்கு முன்பே வந்து பாப்பா போய்ச் சேர்ந்துவிட்டாள், அட்டையை இப்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்குகிறாளாம்.) கடைசியில் திருத்திய வருகைப் பதிவு.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போனாள். பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியே கேட்கிற மாதிரி உரக்கவே படித்தாள்.

"திங்கள், ஆப்சென்ட். செவ்வாய், ஆப்சென்ட். புதன், ஆப்சென்ட்…"

வரிசையில் முதலில் நின்றவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மேடம், நான் செவ்வாக்கிழமை வந்தேன் மேடம்! மிஷின்கிட்ட கேளுங்க மேடம்!"

"நீ இல்லப்பா" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகமெல்லாம் சிரிப்பு. "நீ வந்த, எனக்குத் தெரியும். இது என் பொண்ணு. என் பொண்ணு ஆப்சென்ட்."